ஆயிரம் கிலோ போனது, 938 கிலோ வந்தது

தங்கத்தைக் கொடுத்து நகை செய்யச் சொல்லும்போது கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் யாரும் கடையை விட்டு இறங்குவதில்லை. திருப்பூரில் நான்கைந்து லட்ச ரூபாய்த் துணி ஒரு டெலிவரி சலானோடு சாயப்பட்டறைக்குப் போய்விடுகிறது. சேதாரம் பற்றிய பேச்சு துணி திரும்பி வந்த பிறகுதான் தொடங்கும்.

பனியன் தொழிலில் நூல் வாங்குபவர் ஒருவராக இருப்பார். அதை நிட்டிங் மெஷினில் துணியாக்குபவர், சாயம் ஏற்றுபவர், காம்பேக்டிங் போடுபவர், தைப்பவர் என்று கைகள் மாறிக்கொண்டே இருக்கும். பொருள் முழுக்க முதலாமவருடையது, மற்றவர்களுக்குக் கூலி மட்டும். இதுதான் ஜாப் ஒர்க். இதில் வரும் தகராறுகளை அலசினால் மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்: எடை குறைந்தது, துணி யாருடையது, கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு. சாயப்பட்டறையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் 1,000 கிலோ கிரே துணி அனுப்புகிறார், அதாவது சாயம் ஏறாத காட்டன் துணி. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீதம் வரை எடை குறையலாம் என்று பேச்சு. திரும்பி வந்தது 938 கிலோ.

“ஏனுங்க, மிச்ச 12 கிலோ எங்கீங்க போச்சு?”

“துணி நல்லா காஞ்சிருக்குதுங்க. நாலு நாள் வச்சு எடை போட்டுப் பாருங்க.”

கேட்டால் சாக்குப்போக்கு போலத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் பட்டறைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்திக்கு 8.5 கிலோ ஈரம் என்பதுதான் வணிகத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. கிரே துணி போகும்போது அந்த அளவு ஈரத்தோடு போயிருக்கிறது. டிரையரிலிருந்து இறங்கிய சூட்டில் எடை போட்டபோது ஏழு சதவீத ஈரம்தான் இருந்தது என்றால், 938 கிலோவில் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 876.6 கிலோ. அதற்குப் பழைய 8.5 சதவீத ஈரத்தைச் சேர்த்தால் 951 கிலோ வருகிறது. ஒப்புக்கொண்டது 950. ஒரு முழம் துணிகூடக் காணாமல் போகவில்லை.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். துணி சரியாகக் காயாமல் 10.5 சதவீத ஈரத்தோடு வந்து 955 கிலோ காட்டினால் உரிமையாளர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். உண்மையில் அவருக்கு வந்திருப்பது ஏறக்குறைய 938 கிலோ. ஒப்பந்தத்தில் ‘வேஸ்டேஜ் 5%’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். எந்த எடைமேடையில், துணி இறங்கி எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு ஈரத்தில் என்பது மீதிப் பாதி. ஈரம் பார்க்கும் சிறிய மீட்டர் ஒன்றைத் துணிமேல் வைத்து, சலானில் எடைக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதிவிட்டால் தகராறில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். இதைச் செய்பவர்கள் குறைவு. செய்யாததற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஐந்து சதவீதமும் எல்லாத் துணிக்கும் பொருந்தாது. கச்சாப் பருத்தியில் மெழுகும் பிசினும் தூசியும் இருக்கும். காரத்தில் வேகவைத்து வெளுக்கும்போது அவை கரைந்து போகும், அந்த இழப்பை யாராலும் தடுக்க முடியாது. துணிமேல் எழும் பஞ்சு முடிகளை நொதி போட்டு எடுக்கும் பயோ வாஷ் கேட்டால் இன்னும் கொஞ்சம் எடை போகும். அடர்ந்த கறுப்பிலோ நேவி புளூவிலோ சாயமே துணியில் ஏறி உட்கார்ந்து, போன எடையில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். வெள்ளைக்கு அந்த லாபம் இல்லை. ஆகவே வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே சதவீதம் எழுதுவது யாரோ ஒருவருக்கு இலவசமாகத் துணி கொடுப்பதற்குச் சமம். முதல் ஆர்டரில் 50 கிலோவை இரு தரப்பும் பார்த்திருக்க ஓட்டி, வந்த இழப்பைச் சிறிய வரம்போடு ஒப்பந்தத்தில் ஏற்றுவதே நியாயமான வழி.

அடுத்தது, துணி யாருடையது. இதற்குச் சட்டம் 1872-லேயே பதில் வைத்திருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-வது பிரிவுப்படி, ஒரு வேலைக்காக ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டிய பொருளின் உரிமை கைமாறுவதில்லை. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனத்தோடு பட்டறைக்காரர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கல் அடுத்த பிரிவுகளில் இருக்கிறது. அந்தக் கவனத்தை எடுத்த பிறகும் தீ பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ, தனி ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பாக மாட்டார். நஷ்டம் துணிக்காரருடையது. அவருடைய காப்பீட்டில் அவர் சொந்த கோடவுன் முகவரி மட்டும் இருக்கும். பட்டறையின் காப்பீட்டில் பட்டறையின் சொந்தச் சரக்கு மட்டும் இருக்கும். நடுவில் கிடக்கும் துணிக்கு யாரும் பிரீமியம் கட்டியிருக்க மாட்டார்கள். துணிக்காரர் தன் பாலிசியில் பட்டறை முகவரியைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பிறருக்காக வைத்திருக்கும் சரக்கையும் பட்டறையின் பாலிசி ஏற்க வேண்டும். இரண்டில் எது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

பட்டறை நொடித்துப்போய்த் திவால் நடவடிக்கைக்குப் போகும் நிலை வந்தாலும் உரிமை நிற்கும். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், நிறுவனத்தின் கையில் இருந்தாலும் ஒப்படைப்பாக வந்த அடுத்தவர் பொருளை அதன் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் அது தன் துணிதான் என்று காட்ட வேண்டியது துணிக்காரர். லாட் எண்ணும் ரோல் எண்ணும் இல்லாத சலானை வைத்துக்கொண்டு, மூன்று பார்ட்டிகளின் வெள்ளைத் துணி கலந்து கிடக்கும் கிடங்கில் எதைக் காட்டுவது?

பட்டறைக்காரருக்கும் ஓர் ஆயுதம் உண்டு. உழைப்பைச் செலுத்திய பொருளுக்குக் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள 170-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது அந்த லாட்டின் கூலிக்கு மட்டும். போன தீபாவளிக்கு முந்தைய பாக்கிக்காக இந்த மாதத் துணியைப் பூட்டிவைக்கும் பொது உரிமை 171-வது பிரிவில் வங்கிகளைப் போன்ற சிலருக்குத்தான் உண்டு, வெளிப்படையாகத் தனியாக ஒப்புக்கொண்டால் தவிர. ஊரில் நடப்பது வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடிப்போம் என்ற வாசகம் சலானின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

கழிவும் துணிக்காரரின் சொத்துதான். கட்டிங்கில் விழும் துண்டுக்குத் திருப்பூரில் நல்ல சந்தை இருக்கிறது. வெள்ளைத் துண்டுக்கு ஒரு விலை, கலருக்கு இன்னொரு விலை. கூலியைக் குறைத்துக்கொண்டு துண்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துண்டு விழுந்தால் லாபம் என்று ஆகிவிட்ட கட்டிங் மேசையில், மார்க்கரை நெருக்கிப் போட யார் மெனக்கெடுவார்கள்? ஜி.எஸ்.டி. பக்கம் இதற்கு வழி இருக்கிறது: பதிவு பெற்ற ஜாப் ஒர்க்கர் தன் இடத்திலிருந்தே வரி கட்டிக் கழிவை விற்கலாம், பதிவு இல்லையென்றால் உரிமையாளர் வரி கட்டி விற்க வேண்டும். கூடவே ஒன்று: அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராமலும் அங்கிருந்தே விற்கப்படாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே அது விற்பனை ஆனதாகக் கருதி வரி விழும். மூலையில் மறந்துபோன ரோல்கள் இப்படித்தான் செலவு வைக்கும்.

கடைசியாக ரிஜெக்ட். சாயம் ஏறிய துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் குறை யாருடையது என்பதைத் துணியே ஓரளவு சொல்லிவிடும். நீளவாக்கில் ஒரே சீராக ஓடும் கோடு நிட்டிங் ஊசியால் வந்தது. குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் இரண்டு லாட் நூல் கலந்திருக்கலாம், இல்லை நூல் இழுவிசை மாறியிருக்கலாம். சாயமே பிடிக்காமல் தெறித்தாற்போல் நிற்கும் இழைகள் பஞ்சோடு வந்த பிளாஸ்டிக் சாக்கு நார்கள், ஸ்பின்னிங் மில்லிலிருந்தே வந்தவை. திட்டுத் திட்டான நிறமும் ரோலுக்கு ரோல் மாறும் ஷேடும் பெரும்பாலும் சாயப்பட்டறையின் கணக்கு. ஆனால் முதல் மூன்றும் கிரேயில் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை, சாயம் ஏறிய பிறகுதான் எழுந்து நிற்கும். அப்போது நிட்டிங்காரர் பட்டறையைக் காட்டுவார், பட்டறைக்காரர் நூலைக் காட்டுவார். இதைத் தவிர்க்க ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சிறு துண்டை முதலில் சாயமிட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் கிரேயை இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சாட்சியாக எடுத்தும் வைப்பார்கள்.

‘வெட்டிய துணிக்குப் பொறுப்பில்லை’ என்று பல சலான்களில் அச்சடித்திருக்கும். கண்ணால் பார்த்தே தெரியும் ஓட்டைக்கும் கறைக்கும் இது நியாயம். துவைத்தபின் சாயம் போவதற்கும் சுருங்குவதற்கும் இது பொருந்தக் கூடாது, அவற்றுக்குச் சோதனை முடிவு வரும்வரை தனிக் கெடு வேண்டும்.

பணக்கணக்கு இன்னும் கடினம். கிலோவுக்கு 100 ரூபாய் கூலி என்றால் ஆயிரம் கிலோவுக்கு ஒரு லட்சம். அதிலும் சாயம், நீர் சுத்திகரிப்பு, விறகு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். கையிலிருக்கும் துணி மூன்று லட்சம். அதனால் தவறும் ஏற்றுமதி ஆர்டர் பல லட்சம். துணிக்காரர் விமானச் செலவு வரைக்கும் டெபிட் நோட் போட்டால் பட்டறை மூட வேண்டியதுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவும் தொலைதூர நஷ்டத்துக்கு இழப்பீடு இல்லை என்கிறது, ஆனால் ஏற்றுமதித் தேதியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் வாதம் மாறும். நடைமுறையில் நிலைத்து நிற்கும் ஏற்பாடு இப்படி இருக்கும்: முதலில் கூலியில்லாமல் மறுசாயம், அதில் கூடுதலாகப் போகும் எடையும் பட்டறையுடையது, அதுவும் தேறாவிட்டால் கிரே துணியின் விலையும் அந்தக் கூலியும், அதோடு எல்லை முடிந்தது.

அந்த எல்லையைக் கட்டியபின் கெட்ட துணி யாருக்குப் போகும் என்பதைத்தான் எழுத மறந்துவிடுகிறார்கள். மூன்று லட்சத்தையும் டெபிட் நோட்டில் பிடித்துக்கொண்டு, அதே துணியைச் செகண்ட்ஸ் வியாபாரிக்குக் கிலோ 120-க்குத் தள்ளிவிடும் துணிக்காரர்கள் இருக்கிறார்கள். முழு விலை வாங்கினால் துணி பட்டறைக்குச் சொந்தம், அதற்கு வரியோடு விற்பனை பில் போட வேண்டும். துணி தன்னிடமே இருக்கட்டும் என்றால் அந்த 120-ஐக் கழித்துக்கொண்டு மீதி 180-க்குத்தான் டெபிட் நோட்.