பேய் எப்படி கடைக்குப் போனது?

"அவன் கண்களில் தெரிந்த ஏக்கம்தான் என்னை இந்தப் படிப்பை நோக்கித் தள்ளியது." சிறப்புக் கல்வி படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வரைவுகளில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பையனுக்கு எந்த இடத்தில் வாசிப்பு தடைப்படுகிறது, இவர் என்ன கவனித்தார் என்று எதுவும் அதில் இல்லை. ஏக்கத்தை வைத்துப் பேராசிரியர் எதை எடைபோடுவார்?

பிரிட்டனில் இளங்கலை படிக்கப் பெரும்பாலும் யூகாஸ் அமைப்பின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு தன்விளக்கக் கடிதம் ஒன்றும் போகும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது எப்படி உதவும், வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள்தான். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும். ஏக்கத்துக்கும் கண்ணீருக்கும் அங்கே இடம் கிடையாது.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பையனுடன் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிக்கிறாள். "கடைக்குப் போய்" என்பதை அவன் "கடைக்குப் பேய்" என்கிறான். "தோளில் பையை மாட்டினான்" என்பது "தேளில் பையை" ஆகிறது. வாசித்த கையோடு தானே சிரித்துவிட்டு, திரும்பப் போய்ப் பார்க்கிறான்.

இந்தச் சின்னக் காட்சிக்குள் நிறைய இருக்கிறது. "போ" என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது. பையன் கொம்பைப் பார்க்கிறான், காலை விட்டுவிடுகிறான். ஆக "பே" வருகிறது. சிரிக்கிறான் என்றால் பொருள் இடறுவது அவனுக்கே தெரிகிறது. அதே கதையை மாணவி வாசித்துக் காட்டினால் வரிசை பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். அப்படியென்றால் இந்தக் கதையைப் பொறுத்தவரை கஷ்டம் புரிதலில் இல்லை, எழுத்தைப் பிடிப்பதில் இருக்கிறது. கடிதத்தில் எழுத வேண்டியது இதைத்தான். தமிழ் தெரியாத பேராசிரியருக்காக, ஒரே உயிரொலியின் குறி எழுத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்கும் என்று ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

அடுத்து, அவள் செய்தது. கொம்பையும் காலையும் ஒரே சிவப்புப் பென்சிலால் தீட்டினாள். தீட்டிய பக்கத்தில் தவறு குறைந்தது. தீட்டாத பக்கத்தில் பழையபடி திரும்பியது. சில வாரம் கழித்துப் பையன் தானாக ஒரு வழி கண்டுபிடித்தான்: கொம்பு வந்தால் வாயைத் திறக்கும் முன் விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தி, கால் இருக்கிறதா என்று பார்ப்பது. பென்சில் அவளுடைய யோசனை, விரல் அவனுடையது. கடிதத்திலும் அப்படியே பிரித்து எழுத வேண்டும். "நான் அவனை வாசிக்க வைத்தேன்" என்று எழுதினால் விரல் காணாமல் போய்விடும்.

இரக்கத்தைத் தவிர்க்கப் போய் எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. இந்தக் குழந்தைகள் எல்லாரும் ஐன்ஸ்டைன்கள், அவன்தான் எனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தான் என்று போகும். அதிலும் பையன் இல்லை. "டிஸ்லெக்ஸியா உள்ள சிறுவன்" என்று தானாகப் பட்டம் சூட்டுவதும் தவறு. முறைப்படி பரிசோதித்த நிபுணர் சொல்லாதவரை "வாசிப்பில் சிரமப்படும் சிறுவன்" என்பதோடு நிற்பதே நேர்மை. பெற்றோரின் அனுமதி வேண்டும். பெயரை விட்டாலும் பள்ளி, தெரு வழியாக ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால் அவற்றையும் விட்டுவிட வேண்டும்.

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்ற முதல் கேள்விக்கான பதிலும் பென்சிலிலேயே இருக்கிறது. சிவப்பு நிறம் ஏன் உதவியது? பிரிந்து நின்ற இரண்டு குறிகளும் ஒன்றாகத் தெரிந்ததாலா, அல்லது நிறத்தைக் கண்டதும் பையன் வேகத்தைக் குறைத்ததாலா? மாணவிக்குத் தெரியாது, தெரியாது என்றே எழுதலாம். நேர்காணல் வைக்கும் பல்கலைக்கழகம் என்றால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கவும் கூடும்: இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? யோசித்து வைத்திருந்தால் சொல்லலாம்: அதே அளவு கடினமான இன்னொரு பக்கத்தில் கொம்பையும் காலையும் விட்டு, சம்பந்தமில்லாத எழுத்துகளை அதே சிவப்பில் தீட்டிக் கொடுத்துப் பார்ப்பேன், அப்போதும் "போய்" சரியாக வந்தால், உதவியது குறிகளைச் சேர்த்துக் காட்டியது அல்ல, வேகம் குறைந்தது என்று சந்தேகிப்பேன்.