பெயர் தெரியாத வீரருக்கு என்ன விலை?

2003 ஜூலையில் இங்கிலாந்தின் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப்பை வென்ற பென் கர்டிஸ், அப்போது உலகத் தரவரிசையில் 396-ஆவது இடத்தில் இருந்தார். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபில் அது அவருக்கு முதல் ஆண்டு. 'கோப்பை யாருக்கு?' என்ற பந்தயத்துக்கு விலை குறிப்பவர்களுக்கு முன்னணி வீரர்களைவிட இப்படிப்பட்டவர்கள்தான் கடினமான கணக்கு.

விலை குறிப்பவர் முதலில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண் தருகிறார். களத்தின் சராசரி வீரரைவிட ஒரு சுற்றுக்கு எத்தனை அடி குறைவாக ஆடுவார் என்பதே அந்த எண். பிறகு கணினி 156 பேருக்கும் சுற்றுக்குச் சுற்று ஸ்கோர் போடுகிறது. எந்த வீரரும் தன் வழக்கமான ஆட்டத்திலிருந்து ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.75 அடி இப்படியோ அப்படியோ விலகுவது இயல்பு. இரண்டு சுற்று முடிந்ததும், முதல் 70 இடத்துக்குள் வராதவர்களை நீக்கிவிட்டு, மீதமுள்ளவர்களை இன்னும் இரண்டு சுற்று ஆட வைக்கிறது. முதலிடத்தில் சமநிலை என்றால் பிளே-ஆஃப். இப்படி லட்சம் போட்டிகளை ஓட்டி, யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணினால் வாய்ப்பு கிடைத்துவிடும். பத்தாயிரம் முறை போதாது. 500-இல் ஒரு வாய்ப்புள்ளவர் அதில் சுமார் இருபது முறைதான் வெல்வார். அடுத்த தடவை ஓட்டினால் அது பதினைந்தாகவோ இருபத்தைந்தாகவோ மாறலாம்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நான்கு சுற்றில் சராசரியைவிட 16 அடி முந்தினால் கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்றுக்கான விலகல் 5.5 அடி. சுற்றுக்கு இரண்டு அடி மேலானவருக்கு ஏறக்குறைய 7 சதவீத வாய்ப்பு. ஒரு அடி மேலானவருக்கு ஒன்றரை. சராசரி வீரருக்கு 0.2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது நியாயமான விலை, ஒரு பவுண்டுக்கு சுமார் 550.

தவறு நுழைவது இந்தக் கடைசி எண்ணில்தான். புதிய வீரருக்குக் கையில் உள்ள ஸ்கோர்கள் சொற்பம். அவரைச் 'சராசரி' என்று எழுதினாலும், உண்மைத் திறன் சுற்றுக்கு 0.7 அடி ஏறியோ இறங்கியோ இருக்கலாம். அந்தப் பிழை நான்கு சுற்றிலும் ஒரே பக்கமாகச் சேரும். எனவே ஒவ்வொரு போட்டியை ஓட்டும்போதும் அவருடைய திறனையே புதிதாகக் குலுக்கி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அவருடைய வாய்ப்பு அரை சதவீதத்தை நெருங்கும். விலை 550-லிருந்து 210-க்கு இறங்கும். சராசரித் திறன் மாறவே இல்லை, நமக்குத் தெரியாதது மட்டுமே கணக்கில் சேர்ந்தது! இதைச் செய்யாத மாதிரி, பல ஆண்டுகள் ஆடிய சராசரி வீரரையும் கர்டிஸ் போன்ற புதியவரையும் ஒரே விலையில் வைத்துவிடும்.

பந்தய நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் லாபத்தை இந்தக் கடைசி வரிசை வீரர்கள் மீதே அதிகம் ஏற்றுகின்றன. 550 என்று கணக்கு சொன்னாலும் பலகையில் அதைவிடக் குறைவாகவே எழுதுவார்கள்.