ஓவர்ஷூட் மறைந்தால் டேம்பிங் கூடிவிட்டதா?

அடுத்த வாரம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் செய்முறைத் தேர்வு. அதற்குள் பதில் வேண்டும் என்று மாணவர்கள் எழுதிய கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "இரண்டாம்படி அமைப்பில் இன்னொரு மெய்த் துருவத்தைச் சேர்த்தால் ஓவர்ஷூட் குறையும் என்கிறார் ஆசிரியர். கூடும் என்கிறது கைடு. எது சரி?" இரண்டும் சரி. துருவம் எங்கே சேர்கிறது என்பதை இருவரும் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

மேசையில் ஒரு சுற்றை வைத்துப் பார்ப்போம். 100 மில்லிஹென்றி காயில், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மொத்தம் 100 ஓம் தடை, எல்லாம் தொடராக. இந்த 100 ஓமில் காயிலின் சொந்தத் தடையும் ஜெனரேட்டரின் 50 ஓமும் அடங்கும். மறந்தால் கணக்கு உதைக்கும். இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 1000 ரேடியன், ζ = 0.5. 1 வோல்ட் படி கொடுத்தால் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் 3.6 மில்லிவினாடியில் 1.163 வோல்ட்டைத் தொட்டு இறங்கும். ஓவர்ஷூட் 16.3%, ரைஸ் டைம் 1.64 மில்லிவினாடி.

அதன் பின்னால் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர், அதையடுத்து 1 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் ஆர்சி. மூன்றாவது துருவம் –1000-இல் வந்து உட்கார்கிறது. இப்போது உச்சம் 1.08 வோல்ட்தான், அதுவும் 4.9 மில்லிவினாடியில். ரைஸ் டைம் 2.29 ஆகிறது.

காரணத்தைப் பிடிக்க, ஆர்சியை மனத்தளவில் முன்னால் நகர்த்திப் பாருங்கள். நேரியல் அமைப்பில் வரிசை மாறினாலும் விடை மாறாது. 1 வோல்ட் திடீரெனப் பாயாமல் மெல்ல ஏறுகிறது. 63% எட்டவே 1 மில்லிவினாடி ஆகிறது. உதைத்துத் தள்ளினால் வீச்சோடு ஆடும் ஊஞ்சல், கையால் மெல்ல நகர்த்தினால் அந்த அளவு ஆடுவதில்லை. ஏறுவது தாமதமாவதும் உச்சம் தணிவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

என்னை உறுத்துவது அடுத்த படி. 1 கிலோஓமை 2 கிலோஓமாக மாற்றுங்கள். துருவம் –500-க்கு வரும். கலப்புத் துருவங்களின் மெய்ப்பகுதியும் அதே –500. விடையில் இறுதி மதிப்பான 1-லிருந்து கழிபடும் தொகை இது:

e^(−500t) × [4/3 − (2/3)·cos(866t + φ)]

கொசைன் எவ்வளவு ஆடினாலும் அடைப்புக்குள் இருப்பது 2/3-க்குக் கீழே போகாது. எனவே வெளியீடு 1 வோல்ட்டை ஒருபோதும் தாண்டாது. ஓவர்ஷூட் சுழி. ரைஸ் டைம் ஏறக்குறைய 3.46 மில்லிவினாடி. ஆனால் ζ அதே 0.5! திரையில் ஓவர்ஷூட் இல்லை என்பதற்காக 'கிரிட்டிகல் டேம்பிங்' என்று ரெக்கார்டில் எழுதினால் அது தவறு. ஒரு புரோபை ஆர்சிக்கு முன்னால் வையுங்கள், 16.3% அப்படியே நிற்கும்.

ரைஸ் டைமின் வரையறையையும் அப்படியே நம்ப வேண்டாம். 10%-லிருந்து 90% வரை என்று அளக்கும்போது தொடக்கத் தேக்கம் கணக்கிலேயே வருவதில்லை. முதல் சுற்று 10%-ஐ 0.49 மில்லிவினாடியில் தொட்டது. 1 கிலோஓம் ஆர்சி சேர்ந்ததும் அதற்கு 1 மில்லிவினாடி ஆகிறது. அந்த அரை மில்லிவினாடியை 2.29 என்ற எண் காட்டாது.

'ஐந்து மடங்கு தொலைவில் இருந்தால் துருவத்தை விட்டுவிடலாம்' என்ற புத்தக விதியும் அப்படித்தான். 400 ஓம் வைத்துத் துருவத்தை –2500-க்குத் தள்ளினாலும் ரைஸ் டைம் 1.8, பத்து விழுக்காடு கூடுதல். ஓவர்ஷூட் 14.8%. தோராயத்துக்கு இது போதும், சரிபார்ப்புக்குப் போதாது.

இனி கைடு சொல்வது. அதே –1000 துருவம் பின்னூட்ட வளையத்துக்குள் இருந்தால் கதை தலைகீழ். 1/(s(s+1)) என்ற அமைப்பை ஒற்றைப் பின்னூட்டத்தில் மூடினால், நேரத்தை மில்லிவினாடியில் எண்ணும்போது, நம் சுற்றின் அதே ζ = 0.5 கிடைக்கும். முன்பாதையில் 1/(s+1) சேர்த்தால் சமன்பாடு s³ + 2s² + s + 1 ஆகிறது. உள்ளே சேரும் தாமதம் கலப்புத் துருவங்களையே இடம்பெயர்த்து, ζ-வை 0.16-க்கு இறக்கிவிடுகிறது. ஓவர்ஷூட் 50%-க்கும் மேல். சென்சார் இரைச்சலை அடக்க வளையத்துக்குள் ஃபில்டர் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மற்ற கேள்விகள்:

பஃபர் இல்லாமல் இணைக்கலாமா? கூடாது, ஆர்சி முன் சுற்றிலிருந்து மின்னோட்டத்தை இழுத்து, மூன்று துருவங்களையும் நகர்த்திவிடும்.

ஸ்கொயர் வேவ் எத்தனை ஹெர்ட்ஸ்? 20 போதும், ஒவ்வொரு பாதிக்கும் 25 மில்லிவினாடி கிடைக்கிறது.

துருவத்துக்குப் பதில் இடப்பக்க ஸீரோ சேர்த்தால்? ஏற்றம் விரைவாகும், ஓவர்ஷூட் கூடும்.

1 கிலோஓமுடன் வரும் மூன்று துருவங்களுக்குப் பெயர் உண்டா? மூன்றாம்படி பட்டர்வொர்த் ஃபில்டர், 8.15% ஓவர்ஷூட் அதற்கே உரியது.