ஸ்டாஃப் நர்ஸின் பேறுகால விடுப்புக் கடிதம்

தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்கு இது முதல் பிரசவம். டாக்டர் குறித்த நாள் செப்டம்பர் 15. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அவர் எழுதும் கடிதத்தில் முதலில் வர வேண்டியது இந்தத் தேதிதான். டாக்டரின் சான்றிதழும் கூடவே இருக்க வேண்டும்.

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரமே எடுக்கலாம். இவர் 6 வாரம் முன்பாக, ஆகஸ்ட் 4-இல் தொடங்குகிறார். பிப்ரவரி 1-ஆம் தேதியோடு விடுப்பு முடிகிறது, மறுநாள் பணி. முன்னால் குறைத்தால் குழந்தையோடு இருக்கும் வாரங்கள் கூடும்.

பொறுப்பு ஒப்படைப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'சக ஊழியர் பார்த்துக்கொள்வார்' என்ற ஒற்றை வரி போதாது. மார்ஃபின் அலமாரிச் சாவி யாரிடம்? பதிவேட்டின்படி ஆம்பூல்களை எண்ணி இருவரும் கையெழுத்திட்டார்களா? அவசர மருந்து டிராலியை இனி யார் சரிபார்ப்பார்? பெயரும் தேதியும் கடிதத்தில் வேண்டும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. அதையும் இப்போதே கேட்டு எழுதுங்கள். கையொப்பமிட்ட நகலை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.