நட்ட வயலில் இறங்கும் வாத்துகள்

ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் இயற்கை விவசாயம் செய்த தக்காவோ ஃபுருனோவுக்குக் களைதான் பெரும்பாடு. 1988இல் நட்ட வயலில் வாத்துக் குஞ்சுகளை இறக்கிவிட்டார். அவை களையையும் பூச்சியையும் தின்றன. நெல் இலை சொரசொரப்பாக இருப்பதால் அதைத் தொடவில்லை.

இதில் நாள் கணக்கு முக்கியம். நடவு முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில், நாற்று வேர்பிடித்ததும், கால் ஏக்கருக்குச் சுமார் 20 குஞ்சுகளை விடலாம். முந்தினால் நாற்று மிதந்துவிடும். பிந்தினால் களை ஓங்கிவிடும். கால் சேற்றைத் தொடுமளவே தண்ணீர் நிற்கட்டும். குஞ்சுகள் துழாவத் துழாவத் தண்ணீர் கலங்கும், வெளிச்சம் கிடைக்காமல் களைவிதை முளைக்காது. தண்ணீர் தெளிந்தே கிடந்தால் குஞ்சுகள் போதவில்லை என்று பொருள்.

கதிர் தலைகாட்டியதும் வாத்துகளை வெளியேற்றிவிட வேண்டும். பால் பிடிக்கும் மணியை அவை விடாது.

பொழுது சாயும்போது வரப்போரக் கொட்டகையில் கொஞ்சம் நொய்யும் தவிடும் வைத்தால் தாமாகவே திரும்பிவிடும். காலையில் தீனி கொடுத்தால் வயலில் மேயச் சுணங்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளமோ கடலைப் பிண்ணாக்கோ கூடவே கூடாது; அதிலுள்ள நஞ்சைக் கோழியைவிட வாத்து தாங்காது. கொட்டகைத் தரையில் உமியோ வைக்கோலோ காய்ந்திருக்க வேண்டும். நாய், கீரி நுழையாதபடி வலை அவசியம். தண்ணீர்த் தொட்டி தலை முங்குமளவு ஆழமாக இருக்கட்டும். அப்படி முங்கித்தான் வாத்து தன் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்கிறது.