வேலை கேட்காத கடிதம்

மதுரை வண்டியூரில் நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கடிதம் எழுதுதல் என்றதும் நம் பிள்ளைகளின் கை தானாக எழுதும் சில தொடர்கள் உண்டு. விடுப்பு வேண்டி, சாலை விளக்கு வேண்டி, வேலை வேண்டி என்று எல்லாமே எதையாவது ‘வேண்டி’ எழுதுபவை. ஒரு துறையில் இருப்பவரிடம், “உங்கள் வேலை எப்படி இருக்கும்? இருபது நிமிடம் பேச முடியுமா?” என்று மட்டும் கேட்கிற கடிதத்தை நானும் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்ததில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவிக்காக அதைச் செய்ய நேர்ந்தது. முதல் முயற்சி தோற்றது, அதற்குக் காரணம் நான்தான்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு, கணிதப் பிரிவு. அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் அவள். கண்மாய், வாய்க்கால், அணை சம்பந்தமான வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். தேர்வுக்கு முன்பே ஒரு தரகர் வீட்டுக்கு வந்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா கடன் கேட்கத் தொடங்கிவிட்டார். அந்தப் படிப்பு அவள் விரும்பும் வேலைக்குக் கொண்டுபோகுமா என்று சொல்லக்கூடிய ஒருவரையும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நீர்வளத் துறையில் பணியாற்றும் பொறியாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ‘தங்களைப் போல் சிறந்த பொறியாளராக வருவதே என் இலட்சியம். தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி எனக்கு வழிகாட்ட வேண்டுகிறேன். தங்கள் அலுவலகத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.’ கடைசி வரி அவள் அப்பா சொன்னது. நான் சந்திப்பிழை மட்டும் திருத்தி அனுப்பினேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை.

பிறகு ஒருநாள் அந்தப் பொறியாளரின் நாற்காலியில் என்னை வைத்து அதே கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். இதற்கு நான் என்ன பதில் எழுத முடியும்? ‘வழிகாட்டு’ என்றால் எதற்கு? எவ்வளவு நேரத்துக்கு? வாய்ப்புத் தர எனக்கு அதிகாரம் இல்லை என்றால், இல்லை என்று ஒரு குழந்தைக்கு எழுதும் சங்கடம்தான் மிச்சம். பேசாமல் இருந்துவிடுவதே எளிது. அந்தக் கடிதத்தில் பெயரை மாற்றி ஒரு மருத்துவருக்கோ வங்கி மேலாளருக்கோ அனுப்பினாலும் பொருந்தும். பெறுபவருக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிடும்.

நாம் எல்லோரும் அறிந்த ஒரு கடிதத்தை அப்போதுதான் வேறு கண்ணோடு பார்த்தேன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியது. தான் யார், என்ன சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அடுத்து, ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, பகா எண்களைப் பற்றி அங்கே சொல்லப்பட்ட ஒன்றில் தான் மேற்கொண்டு சென்றிருப்பதாக எழுதுகிறார். கூடவே தான் கண்டறிந்த தேற்றங்கள் சில பக்கங்கள். இவற்றில் மதிப்பு இருந்தால் வெளியிட விரும்புவதாகவும், அனுபவமில்லாத தனக்கு எந்த ஆலோசனையும் பெரிது என்றும் முடிக்கிறார். அதில் வேலை பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இரண்டு செய்திகளை வகுப்பில் சேர்த்தே சொல்கிறேன். முதலாவது, பகா எண்களைப் பற்றிய அவருடைய அந்தக் கூற்று தவறு என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அந்த வரி தன் வேலையைச் செய்துவிட்டது. இந்தக் கடிதம் வேறு யாருக்கும் அல்ல, உங்களுக்குத்தான், உங்கள் எழுத்தை நான் படித்திருக்கிறேன் என்று அது காட்டியது. இரண்டாவது, அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணிதப் பேராசிரியர்களுக்கு அவர் எழுதியும் உதவி கிடைக்கவில்லை. இராமானுஜனுக்கே அப்படி என்றால், நம் பிள்ளைக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் வராததில் அவமானம் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தின் ஆங்கிலம் முழுவதும் இராமானுஜனுடையதாக இருக்காது என்றே ஹார்டியின் தரப்பில் கருதினார்கள். ஆகவே ஆசிரியர் உடன் உட்கார்ந்து திருத்திக்கொடுப்பதிலும் குற்றமில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயரிடம் இராமானுஜன் எழுத்தர் வேலையே கேட்டுப் போயிருந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய அவர், குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டு அந்த வேலையைத் தர மறுத்தார். ஆனால் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கேட்டால் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான். அன்று குறிப்பேடு கையில் இருந்ததால் மூன்றாவது ஒன்று கிடைத்தது.

எங்கள் மாணவியிடம் தேற்றங்கள் இல்லை. ஆனால் அவளுடையதே ஆன ஒரு கேள்வி இருக்க வேண்டுமே. “கண்மாயைப் பார்த்து உனக்கு எப்போதாவது ஒன்று புரியாமல் போனதா?” என்று கேட்டேன். “மறுகால் பாயுறப்ப எல்லாத் தண்ணியும் வீணாப் போகுதேன்னு இருக்கும் ஐயா. கலுங்கை இன்னும் ஒரு அடி ஒசத்திக் கட்டியிருக்கலாம்ல?” என்றாள். கடிதம் அங்கே கிடைத்துவிட்டது.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், கண்மாய்ப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைச் சொன்னார். அவருக்கு அவள் எழுதியது இது:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் வண்டியூரில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பிரிவில் படிக்கிறேன். எங்கள் வீடு கண்மாய்க்குப் பக்கம். சென்ற மழையில் மறுகால் பாய்ந்ததைப் பார்த்தேன். கலுங்கை ஓர் அடி உயர்த்தியிருந்தால் கூடுதல் தண்ணீர் நிற்குமே, ஏன் இந்த உயரத்தில் நிறுத்தினார்கள் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். தாங்கள் கண்மாய்ப் பணிகளில் நெடுநாள் இருந்தவர் என்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் சொன்னார். இந்தத் துறைக்கு வர டிப்ளமோ படிப்பதா, பி.இ. படிப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் அன்றாட வேலை எப்படி மாறும் என்று தங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 20 நிமிடம் போதும். நேரிலோ தொலைபேசியிலோ, தங்களுக்கு வசதியான சனிக்கிழமை மாலையில் என் ஆசிரியருடன் பேசுவேன். வேலையோ சிபாரிசோ கேட்டு எழுதவில்லை. இப்போது இயலாது என்றால் அதுவும் எனக்குப் புரியும்.’

கீழே பள்ளி முகவரியும் என் தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. மாணவியின் எண்ணையும் வீட்டு முகவரியையும் கொடுக்கவில்லை. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை புதியவரோடு பேசும்போது பெற்றோர் சம்மதமும் ஆசிரியர் உடனிருப்பதும் வேண்டும். தலைமையாசிரியரிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டேன்.

கடிதத்தில் எந்தப் படிப்புக்கு எத்தனை மதிப்பெண், எப்போது விண்ணப்பம் என்று அவள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சேர்க்கைக் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இருப்பதைக் கேட்டால், தேடிக்கூடப் பார்க்கவில்லை என்று அவர் நினைப்பார். அவரிடம் மட்டுமே இருப்பது அவருடைய அனுபவம். நேரத்தை எண்ணாகச் சொன்னதும், மறுப்பதற்கு வழி விட்டதும் வெறும் பணிவுக்காக அல்ல. எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஒருவரால் சரி என்று சொல்ல முடியும்.

பத்து நாள் பதில் இல்லை. இரண்டே வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினோம். அதற்கும் பதில் வராவிட்டால் வேறொருவருக்கு எழுதுவது என்று முடிவு செய்திருந்தோம். மூன்றாவது முறை கேட்பது தொந்தரவு. நினைவூட்டல் போன மறுநாளே அழைத்தார். ஊருக்குப் போயிருந்தாராம். கண்மாய்க் கரையிலேயே சந்திக்கலாம் என்றார்.

அவள் நான்கு கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். முதலில் கலுங்கு. அவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கலுங்கின் உச்சிதான் கண்மாயின் முழு நீர்மட்டம். அதை ஓர் அடி உயர்த்தினால் தண்ணீர் கரைப்பக்கம் மட்டும் ஏறாது, எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பின் ஓரத்தில் இருக்கும் நிலங்களுக்கும் வீடுகளுக்கும் ஏறும். நீர்மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியும் குறையும், பெருமழையில் கரை உடையும். “லெவல் கருவியை வைத்து மட்டம் எடுத்துப் பார்க்காமல் ஓர் அங்குலம்கூட உயர்த்தக் கூடாதம்மா” என்றார்.

அடுத்தது படிப்பு. டிப்ளமோ முடித்தவர் பெரும்பாலும் வரைவுப் பணியில் தொடங்குவார், பி.இ. முடித்தவர் உதவிப் பொறியாளராகக் களத்துக்கும் ஒப்பந்தப் பணிகளுக்கும் பொறுப்பேற்பார் என்றார். டிப்ளமோவுக்குப் பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருப்பதால், பணம் இறுக்கமாக இருக்கும் வீட்டுக்கு அது கெட்ட வழி இல்லை. தரகர் சொன்ன படிப்பின் பெயரை அவள் சொன்னாள். அது கட்டுமானப் பொறியியல் அல்ல, இந்த வேலைக்கான தகுதிப் பட்டியலில் அது வராது என்று அவர் சொன்னபோது, உடன் வந்திருந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். கட்ட இருந்த முன்பணம் அவருக்குப் பல மாத உழைப்பு.

அந்த நேரத்தில்தான் அப்பா, “நீங்களே பாத்து எங்கயாவது சேத்து விட்ருங்க சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பொறியாளர் சட்டென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை இருந்த பேச்சு நின்றுபோனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அதிகாரம் இருப்பவரிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வருவதற்கு முன் அவரிடமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவன் நான். மாணவிதான், “அப்பா, அதுக்கு வரலப்பா” என்று மெல்லச் சொல்லிவிட்டு மூன்றாவது கேள்வியைக் கேட்டாள்: “இந்த வேலையில உங்களுக்குப் பிடிக்காதது எது ஐயா?” அவர் சிரித்துவிட்டார். கோப்புகள் என்றார். பாதி நாள் களத்தில் என்று நினைத்து வருபவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து சலித்துப்போவதைச் சொன்னார். இருபது நிமிடம் ஆனதும் அவள் அதை நினைவுபடுத்தினாள். அவர் இன்னும் கால் மணி நேரம் பேசினார்.

நான்காவது கேள்வி எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டியது: “இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேசலாம்?” நில அளவை தெரிந்த தன் பழைய சக ஊழியர் ஒருவரைச் சொன்னார்.

இரண்டு நாளுக்குள் நன்றிக் கடிதம் போனது. ‘கலுங்கை உயர்த்தினால் எதிர்ப்பக்கம் ஏறும் என்பதை நேற்று எதிர்க்கரை வரை நடந்துபோய்ப் பார்த்தேன்’ என்ற ஒரு வரியே அதில் முக்கியம். சேர்க்கை முடிந்ததும் எங்கே சேர்ந்தாள் என்று மறுபடி எழுதினாள், பாலிடெக்னிக்கில் கட்டுமானப் பொறியியல், நேரடி இரண்டாம் ஆண்டு. முன்பணம் கட்டவில்லை.

நில அளவைக்காரருக்கான கடிதத்தை அவளே எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். ஓர் ஒற்றுப்பிழையைத் தவிர நான் எதையும் தொடவில்லை.