எட்டாயிரம் ரூபாய் எதற்கு?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் கல்லூரித் திரைப்பட மன்றங்கள் ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மன்றத்தின் பெருமை இரண்டு பத்தி, சினிமாவின் சமூகப் பங்கு ஒரு பத்தி, கடைசியில் ‘தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ இந்த ‘இயன்ற உதவி’தான் கடிதத்தைக் கெடுக்கிறது. எவ்வளவு, எதற்கு என்று தெரியாத கடைக்காரர் ஐந்நூறு ரூபாயை நீட்டுவார், அல்லது ‘முதலாளி ஊரில் இல்லை’ என்பார்.

கேட்டுப் பணம் திரட்டிப் படமெடுப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டதில் உருவானது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம் கேரளத்தில் ஒடேசா குழுவினரோடு மக்களிடம் வசூலித்து ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். ஆனால் துணிக்கடைக்காரரும் மெஸ்காரரும் இயக்கத்துக்கு நன்கொடை தருபவர்கள் அல்ல. பெயர் நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்று நினைப்பவர்கள். அதில் தவறும் இல்லை.

ஆகவே கடிதத்துக்கு முன் பட்ஜெட் எழுத வேண்டும். பதினைந்து நிமிடப் படம், இரண்டு நாள் படப்பிடிப்பு, இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். கேமரா, லைட், ஒலிப்பதிவுக் கருவி வாடகை 18,000. சாப்பாடு, டீ 8,000. வண்டி 5,000. உடை, பொருட்கள் 4,000. ஹார்ட் டிஸ்க் 5,000. டப்பிங், மிக்சிங் 6,000. எதிர்பாராத செலவுக்கு 4,000. மொத்தம் 50,000. ஊருக்கு ஊர் வாடகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் பணமாகக் கேட்க வேண்டாதவற்றை முதலில் பிரித்துவிடுங்கள். இருபது பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு போடுவது மெஸ்காரருக்கு 8,000 ரூபாயை எண்ணிக் கொடுப்பதைவிட எளிது. அவருக்கு ஆகும் செலவும் அதைவிடக் குறைவு. உடையைத் துணிக்கடை தரலாம். இப்படி 12,000 குறையும். உறுப்பினர்கள் 15,000 போட்டால் மிச்சம் 23,000தான். முதன்மை ஆதரவாளர் ஒருவரிடம் 8,000, ஐந்து கடைகளிடம் தலா 3,000. பிறகு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிக் கடிதம். முதன்மை ஆதரவாளராக ஒரு ஸ்டுடியோவைக் கேட்கிறோம் என்றால் அது இப்படி இருக்கலாம்:

‘ஐயா, பேருந்தைத் தவறவிட்ட ஒரு பாட்டியும் டிக்கெட் பரிசோதகரும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதே எங்கள் படம். மொத்தச் செலவு 50,000 ரூபாய், பட்டியல் பின்பக்கம். இதில் கேமரா வாடகைக்கான 8,000 ரூபாயைத் தங்களிடம் கேட்கிறோம். படத்தின் தொடக்கத்தில் நன்றி அட்டையில் தங்கள் ஸ்டுடியோ பெயர் ஐந்து விநாடி வரும். கல்லூரி அரங்கத் திரையிடலில் வாசலில் தங்கள் பேனர் இருக்கும். கதையில் சாதி, கட்சி, மதம் பற்றிய விமர்சனம் இல்லை. காசோலையைக் கல்லூரிப் பெயரில் தரலாம், ரசீது தருவோம்.’

கதைச் சுருக்கத்தை விட்டுவிடாதீர்கள். தன் பெயர் எதன் பக்கத்தில் வரப்போகிறது என்பதுதான் வியாபாரியின் முதல் கவலை. கதையில் விமர்சனம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். திரையிடல் அன்று தெரிந்தால் அவமானம் இருவருக்கும். கல்லூரி லெட்டர்பேடும் பொறுப்பாசிரியர் கையெழுத்தும் கட்டாயம். காசோலை கேட்பதற்கும் காரணம் உண்டு: ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததைப் பொதுவாக வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது. சிறிய தொகைக்கும் ரசீது இருந்தால்தான் அவர் ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்.

என்ன தருவோம் என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘அடுத்த மாதம் யூடியூபில் வெளியிடுவோம்’ என்று எழுதிவிடுவார்கள். படம் நன்றாக வந்துவிடும். இயக்குநர் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பப் பார்ப்பார். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. விழா முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். கடைக்காரரோ தீபாவளிக்குள் படம் வருமென்று காத்திருப்பார். ஆகவே உறுதியாகத் தர முடிந்த கல்லூரித் திரையிடலை மட்டும் தேதியோடு எழுதி, யூடியூப் வெளியீடு விழாக்களுக்குப் பிறகு என்று வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. இன்னொன்று, பிரபல சினிமாப் பாடலை அனுமதியில்லாமல் சேர்த்தால் யூடியூபில் உரிமைக் கோரல் வந்து படமே முடங்கலாம். அப்போது ஆதரவாளர் பெயரையும் யாரும் பார்க்க முடியாது.

கடைப் பெயர் எங்கே வரும் என்பதற்கும் எல்லை வேண்டும். கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுத்து வெளிச்சத்தை மறைப்பதைப் போல, காட்சிக்குள் நகைக்கடைப் பை நாலு தடவை வந்தால் படம் போச்சு. நன்றி அட்டை, போஸ்டரின் அடிப்பகுதி, திரையிடல் பேனர், இவ்வளவு போதும்.

கடிதத்தைத் தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிப் பயனில்லை. இரண்டு பேர் நேரில் போக வேண்டும். கூட்டம் குறைந்த காலை வேளையில், பண்டிகை நெருக்கம் இல்லாத நாளில்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர்கள் வந்தால் செலவுப் பட்டியலும் திரையிடல் தேதியும் கேளுங்கள். இரண்டும் கையில் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.